ட்ரோன் படத்தைப் பார்த்துக் காணி அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரும்பிராயில் உள்ள ஒரு வெங்காயத் தறையை ட்ரோனால் எடுத்த படம் ரொறன்ரோவில் இருக்கும் உரிமையாளருக்குப் போய், அங்கிருந்து “இது எத்தனை பரப்பு வரும் அண்ணை?” என்ற கேள்வியோடு இன்னொருவருக்கு வந்து சேர்கிறது. படத்தில் செம்மண் பாத்திகள், கிணறு, கதியால் வேலி, ஓர் ஒழுங்கை, மூலையில் சீற் போட்ட கொட்டில் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. ஆனால் எது எத்தனை மீற்றர் என்பதை அந்தப் படம் தானாகச் சொல்லாது. அதே படம் நான்கு பரப்புத் தறைக்கும் பொருந்தும். இரட்டிப்பு உயரத்தில் இருந்து எடுக்கப்பட்டிருந்தால் பதினாறு பரப்புத் தறைக்கும் பொருந்தும்.

பலரும் செய்கிற முதல் தவறு, தெரிந்த பொருள் ஒன்றின் அளவை ஊகித்து அதையே அளவுகோலாக்குவது. மேற்சொன்ன தறையின் உண்மையான அளவு 44 மீற்றர் நீளம், 23 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது 1012 சதுர மீற்றர், அதாவது 40 பேர்ச்சஸ். தோட்டக் காணிக்கு 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் இது சரியாக 4 பரப்பு. பக்கத்து ஒழுங்கை உண்மையில் 10 அடி. படத்தைப் பார்த்தவர் அதை 12 அடி என்று நினைத்துக்கொள்கிறார். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குப் பிழை பெரிதாகத் தெரியாது. ஆனால் பரப்பளவு நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வருவதால் இரண்டிலும் அந்தப் பிழை ஏறி, விடை ஏறக்குறைய ஐந்தே முக்கால் பரப்பாகிவிடுகிறது. ஒழுங்கையின் அகலம் இடத்துக்கு இடம் மாறும். கிணற்றின் விட்டமும் அப்படித்தான். நேரில் நாடா பிடித்து அளக்காத ஒழுங்கையும் கிணறும் அளவுகோலுக்கு உதவாது. அளவு மாறாத பொருட்கள் சில இருக்கின்றன. முறைப்படி கோடு போட்ட கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்டது; யாழ்ப்பாணத்து ஊர்களில் அப்படி ஒன்று படத்துக்குள் விழுந்தால் அது அதிர்ஷ்டமே. ரயில் தண்டவாளங்களின் இடைவெளியும் மாறாதது, 1.676 மீற்றர். ஆனால் அது மிகச் சிறியது. படத்தில் முப்பது பிக்சல் வரும் இடத்தில் இரண்டு பிக்சல் பிசகினாலே பரப்பளவில் நூற்றுக்குப் பதின்மூன்று அளவுக்குப் பிழை வந்துவிடும்.

இரண்டாவது தவறு நுட்பமானது. அனுபவமுள்ளவர்களும் இதில் வழுக்குகிறார்கள். கொட்டிலின் கூரை அளவு தெரியும், ஆகவே அதை வைத்து அளக்கலாம் என்று தோன்றும். கமராவுக்கு அருகில் இருக்கிற பொருள் பெரிதாகத் தெரியும். தரையிலிருந்து 5 மீற்றர் உயரத்தில் இருக்கும் கூரைமுகடு, 60 மீற்றர் உயரத்தில் பறக்கும் ட்ரோனுக்கு 55 மீற்றர் தூரத்திலேயே இருக்கிறது. அதை அளவுகோலாகப் பிடித்தால் தரையின் நீளங்கள் எல்லாம் குறைந்து, 4 பரப்பு மூன்றே கால் பரப்புக்குச் சற்று மேலே நின்றுவிடும். பனையின் வட்டைப் பார்த்து அளப்பது இன்னும் மோசம், ஏனெனில் பனையின் உயரமே மரத்துக்கு மரம் வேறு. அளவுகோலும் அளக்கப்படும் தறையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

ட்ரோன் பறந்த உயரம் தெரிந்தால் போதாதா என்று கேட்பார்கள். ஓரளவுக்குப் போதும். இப்போது பரவலாகப் பறக்கும் சிறிய ட்ரோன்கள் பலவற்றில் 35 மில்லிமீற்றர் பிலிம் கமராவின் 24 மில்லிமீற்றர் வில்லைக்குச் சமமான வில்லை இருக்கிறது. அத்தகைய கமரா நேர் கீழே பார்த்து எடுக்கும் நான்குக்கு மூன்று என்ற விகிதப் படத்தின் அகலம், உயரத்தின் ஏறக்குறைய 1.44 மடங்கு நிலத்தைக் காட்டும். 60 மீற்றர் உயரத்தில் அது 86 மீற்றர் சொச்சம். ஆனால் படத்தின் ஓரங்களை யாராவது வெட்டியிருந்தால் இந்தக் கணக்கு அப்போதே செத்துவிடும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி, உயரம் பதிந்த தகவலையும் இழந்துதான் வந்து சேர்கிறது. அதைவிட, திரையில் காட்டும் உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து எண்ணப்படுவது. மொட்டை மாடியில் இருந்து கிளப்பியிருந்தால் மாடியின் உயரம் கணக்கில் சேராது.

சரிவாக எடுத்த படம் தனி வில்லங்கம். அதில் கிட்ட இருக்கும் வேலி பெரிதாகவும் எட்ட இருக்கும் வேலி சிறிதாகவும் விழுவதால், படம் முழுவதற்கும் பொருந்துகிற ஒரே அளவு என்று ஒன்று இல்லை. அடையாளம் காண்பது எளிது: படத்தில் அடிவானம் தெரிந்தாலோ, நேர்க்கோடாக ஓடுகிற பாத்திகள் எட்டப் போகப் போக நெருங்கினாலோ, படத்தின் நடுவில் நிற்கும் மின்கம்பம் புள்ளியாகத் தெரியாமல் தண்டோடு தெரிந்தாலோ, அந்தப் படத்தை அளப்பதற்கு எடுக்கக் கூடாது.

ஆகவே மறுபடியும் ஒரு படம் எடுக்கச் சொல்வதே நல்லது. தோட்டத்தில் நிற்பவர் வெள்ளை உரப்பைகள் மூன்றை எடுத்து, ஒன்றை ஒரு மூலைக்கு அருகே தரையில் விரித்து, அதிலிருந்து நீளவாக்கில் 20 மீற்றரிலும் அகலவாக்கில் 20 மீற்றரிலும் மற்ற இரண்டையும் நாடா பிடித்து வைக்க வேண்டும். பின்னர் கமராவை நேர் கீழே திருப்பி, தறை முழுவதும் படத்தின் நடுவில் வரும்படி எடுத்து, கோப்பாகவே அனுப்ப வேண்டும். சுருங்கி வந்தாலும் பரவாயில்லை, பைகளும் கூடவே சுருங்கும். நம் படத்தில் பைகளின் நடுவிலிருந்து நடு வரை ஒரு பக்கம் 370 பிக்சல், மறுபக்கம் 369 பிக்சல் என்று வந்தது என வைப்போம். இரண்டும் ஒத்திருப்பதால் படம் சரியவில்லை. ஒரு பிக்சல் 5.4 சென்ரிமீற்றர், தறையின் நீளம் 814, அகலம் 425 பிக்சல் என்றால் 44 மீற்றரும் 23 மீற்றரும் கிடைக்கின்றன. மூலைகள் செங்கோணமாக இல்லாத தறைக்கு நீளத்தை அகலத்தால் பெருக்கக் கூடாது. குறுக்காக ஒரு கோடு போட்டு இரண்டு முக்கோணங்களாக்கிக் கூட்ட வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும், எல்லையைத் தவறான இடத்தில் குறித்தால் பயன் இல்லை. கிளுவையும் பூவரசும் தழைத்த கதியால் வேலி மேலிருந்து பார்க்கையில் பச்சைப் பட்டையாகத் தெரியும். பச்சை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தை எல்லை என்று எடுத்தால், ஒவ்வொரு பக்கமும் ஒரு மீற்றர் குறைந்தாலே 4 பரப்பு மூன்றரையாகிவிடும். எல்லைக் கல்லோ வேலியின் அடியோ எங்கே இருக்கிறது என்பதைத் தோட்டக்காரர் பை வைத்துக் காட்டினால்தான் தெரியும். காட்டியும் நான்கு பக்கத்திலும் ஓர் அடி அளவுக்குச் சந்தேகம் மிஞ்சினால், ரொறன்ரோவுக்குச் சொல்ல வேண்டிய விடை “3.8 முதல் 4.2 பரப்பு வரை, தோட்டப் பரப்பில்” என்பதே. கடைசிச் சொல்லை விடக் கூடாது, ஏனெனில் நெற்காணிக்குச் சொல்லும் பரப்பு இதைவிடச் சிறியது. உறுதியில் எழுதுவதற்கோ பங்கு பிரிப்பதற்கோ இந்த எண் செல்லாது. அதற்கு அனுமதி பெற்ற நில அளவையாளரின் வரைபடம் வேண்டும். எத்தனை கிலோ விதை வெங்காயம் வாங்குவது, குத்தகை எவ்வளவு கேட்பது என்பவற்றுக்கு இது போதும்.