வீட்டிலேயே பரீட்சையா, சென்டருக்குப் போவதா? சுங்கை சிப்புட் வீட்டுக்கு ஒரு செய்முறை

அக்கா மகள் போன அக்டோபரில், அமேசானின் கிளவுட் சான்றிதழான ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனர் பரீட்சை எழுதினாள். 65 கேள்வி, 90 நிமிடம். பரீட்சை நடத்தும் நிறுவனமான பியர்சன் வ்யூ வழியாகத்தான் புக் பண்ண வேண்டும். சென்டரிலும் எழுதலாம், கேமரா கண்காணிப்பில் வீட்டிலிருந்தும் எழுதலாம். "வீட்லயே எழுதிடறேன் மாமா, கேஎல் போய்வந்தா ஒரு நாள் போயிடும்" என்றாள். சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். 38ஆவது கேள்வியில் கரண்ட் போன பிறகுதான், முன்பே என்னவெல்லாம் செய்திருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது. அதை வரிசையாக எழுதுகிறேன். மற்ற கண்காணிப்புப் பரீட்சைகளிலும் அடிப்படை இதேதான், சின்னச் சின்ன விதிகள் மட்டும் மாறும்.

படி 1: பெயர். புக் பண்ணுவதற்கு முன்பே

நம்மவர்களுக்கு முதல் வம்பே இங்கேதான். உதாரணத்துக்கு, ஐசியில் பெயர் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
KAVITHA A/P MUNIANDY
```

பதிவுப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயர்தான் இருக்கிறது. போதாததற்குச் சில படிவங்கள் சாய்வுக்கோட்டை ஏற்காது. பள்ளியில் எழுதிய பழக்கத்தில் "M. Kavitha" என்று போட்டுவிடாதீர்கள். முதல் கட்டத்தில் KAVITHA, இரண்டாவதில் A/P MUNIANDY என்று எழுதுங்கள். கோடு ஏறவில்லை என்றால் AP MUNIANDY போதும். பிறகு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, "என் ஐசியில் இப்படி இருக்கிறது, கணக்கில் இப்படி ஏறியிருக்கிறது, சரியா?" என்று கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பரீட்சை நாளில் பெயரைத் திருத்த வழியில்லை.

சென்டருக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில பரீட்சைகளுக்குக் கையெழுத்து உள்ள அடையாள அட்டை கேட்பார்கள். மைகார்டில் கையெழுத்து கிடையாது. இரண்டாவதாக எந்த அட்டை எடுத்துப்போவது என்பதைப் புக்கிங் மெயிலில் தேடிப் படியுங்கள்.

ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு ஏடபிள்யூஎஸ் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. ஆனால் புக் பண்ணுவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

படி 2: நேரம்

அவள் மதியம் மூன்று மணி ஸ்லாட் எடுத்தாள். பேராக்கில் அக்டோபர் மதியம் எப்படி இருக்கும் என்று ரப்பர் மரம் சீவின பாட்டியைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். வீட்டில் எழுதுவதென்றால் காலை ஒன்பது, பத்து மணி எடுங்கள். கோயில் திருவிழா நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியைப் போய் நிறுத்தச் சொல்ல முடியாது.

படி 3: அறை

விதி இதுதான்: மூடிய அறை, நீங்கள் மட்டும், மேசையில் கணினி மட்டும். லய வீடுகளில் அறைக்குக் கதவுக்குப் பதில் திரைச்சீலைதான் தொங்கும், அது செல்லாது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். அடுத்தவர் குரல் மைக்கில் விழுந்தாலோ, யாராவது உள்ளே எட்டிப் பார்த்தாலோ பரீட்சையையே நிறுத்திவிடலாம். கேள்வியை வாய்விட்டுப் படிக்கும் பழக்கமும் கூடாது. முகம் கேமராவை விட்டு விலகக் கூடாது. இரண்டாவது திரை இருந்தால் கழற்றி எடுங்கள். சுவரில் குறிப்புத் தாள் ஒட்டியிருந்தால் எடுங்கள். எழுத்தும் எண்ணுமாக இருக்கும் தினசரி காலண்டரையும் அன்றைக்கு இறக்கி வைப்பது நல்லது. வெள்ளைத்தாள், பேனா கிடையாது. கணக்குப் போட வேண்டுமானால் திரையில் வரும் பலகையில்தான் போட வேண்டும்.

சென்டரில் இந்தக் கவலையெல்லாம் இல்லை. கைப்பேசி, கடிகாரம், பர்ஸ் எல்லாம் லாக்கருக்குள் போய்விடும். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார்கள், கண்ணாடி போட்டிருந்தால் கழற்றி வாங்கிப் பார்ப்பார்கள். அழித்து எழுதும் அட்டையும் பேனாவும் தருவார்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் இரண்டு நிமிட வேலை.

படி 4: ஒத்திகை

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு, அதே கணினியில், அதே அறையில், அதே இணையத்தில் சோதனை ஓட்டம் செய்யுங்கள். ஆபீஸ் லேப்டாப் வேண்டாம், அதில் இருக்கும் விபிஎன்னும் ஃபயர்வாலும் தடுத்துவிடும். டீம்வியூவர், எனிடெஸ்க் போல தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்கள் இருந்தால் நீக்கிவிடுங்கள். வைஃபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கள்.

இனி கரண்ட். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். கரண்ட் போனபோது லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இணையம்தான் செத்தது. ஃபைபர் வீட்டில் பெரும்பாலும் இரண்டு பெட்டி இருக்கும். சுவரில் ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டி ஒன்று, ரவுட்டர் ஒன்று. இரண்டுக்குமே கரண்ட் வேண்டும். ரவுட்டருக்கென்று கையடக்க யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் இரண்டு அடாப்டரிலும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியபின் மெயின் சுவிட்சை அணைத்து, இணையம் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் யூபிஎஸ் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

படி 5: அன்றைக்கு

30 நிமிடம் முன்பே செக்இன் திறக்கும். திறந்ததும் உள்ளே போங்கள். நேரம் தாண்டி 15 நிமிடம் ஆகிவிட்டால் வராதவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கைப்பேசியில் உங்கள் முகம், ஐசி, அறையின் நான்கு பக்கம் எல்லாம் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஐசி மீது டியூப்லைட் வெளிச்சம் பளிச்சென்று பட்டால் எழுத்து தெரியாது, கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். பிறகு கைப்பேசியைக் கைக்கு எட்டாத, ஆனால் மணி அடித்தால் கேட்கும் இடத்தில் வையுங்கள். கண்காணிப்பாளர் அதில் கூப்பிடலாம்.

படி 6: நின்றுவிட்டால்

முதலில் எது நின்றது என்று பெட்டியின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். எந்த விளக்கும் எரியவில்லை என்றால் கரண்ட். `LOS` என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் வீட்டில் இருந்தபடி சரிசெய்ய முடியாது. எல்லாம் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் கேபிள், லேப்டாப் பக்கம் கோளாறு. ஆனால் திரையில் தொடர்பு அறுந்துவிட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது. கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், எழுந்து போனதே குற்றமாகிவிடும்.

அவளுக்குப் பத்து நிமிடத்தில் கரண்ட் திரும்பியது. பரீட்சை மென்பொருளை மூடி, தன் கணக்கிலிருந்து மறுபடி திறந்தாள். திரும்ப முகம், ஐசி எல்லாம் காட்டி, அதே 38ஆவது கேள்விக்கு வந்து சேர்ந்தாள். அதுவரை போட்ட விடைகள் இருந்தன. ஆனால் கை நடுங்கியது என்றாள்.

திரும்பத் திறக்கவே முடியவில்லை என்றால் உடனே வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு கேஸ் நம்பர் வாங்குங்கள். நின்ற நேரம், கேள்வி எண், திரையில் வந்த பிழைச் செய்தி, விளக்கு எப்படி இருந்தது, நான்கையும் சொல்லுங்கள். மின்தடை என்றால் டிஎன்பியின் 15454க்கும் புகார் கொடுத்து அந்த எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். மறுபடி எழுத விடுவதா என்பதைப் பரீட்சை நடத்துபவர்கள் முடிவு செய்வார்கள்.

எனக்குத் தெரிந்து வீட்டுக்கும் சென்டருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். சென்டரில் கணினி படுத்தால் கையைத் தூக்கினால் போதும். வேறு கணினிக்கு மாற்றுவது, நடந்ததைப் பதிவு செய்வது எல்லாம் அங்கிருப்பவர் வேலை. வீட்டில் அந்த வேலை அத்தனையும் உங்கள் தலையில். அதனால் கதவுள்ள அறையும் கேபிளும் யூபிஎஸ்ஸும் காலை ஸ்லாட்டும் நாலும் கைகூடினால் வீடு. ஒன்று குறைந்தாலும் ஈப்போவில் உங்கள் பரீட்சைக்கு இடம் இருக்கிறதா என்று புக்கிங் பக்கத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் கேஎல்லுக்கு ஈடிஎஸ் டிக்கெட் எடுங்கள். ஏற்கெனவே வீட்டுக்குப் புக் பண்ணிவிட்டீர்களா? ஏடபிள்யூஎஸ்ஸில் 24 மணி நேரம் முன்புவரை மாற்றிக்கொள்ளலாம், ஒரு புக்கிங்கை இரண்டு முறைதான். அக்கா மகள் அடுத்த பரீட்சைக்குக் கேஎல் சென்டரில் காலை பத்தரை மணி எடுத்திருக்கிறாள். முதல் நாளே போய்ச் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வாளாம்.