அரபியில் மூன்று முதல் பத்து வரை: எண்ணைப் பொருளோடு சேர்ப்பது எப்படி?

அரபி கற்கத் தொடங்குகிறவர்கள் எண்களை ஸலாஸா, அர்பஆ, கம்ஸா, ஸித்தா, ஸப்ஆ, ஸமானியா, திஸ்ஆ, அஷரா என்றுதான் மனப்பாடம் செய்வார்கள். இந்த எட்டின் கடைசியிலும் பெண்பால் குறியான தா மர்பூதா இருக்கிறது. ஒரு பொருளை எண்ணும்போது அந்தப் பொருள் ஆண்பால் என்றால் எண்ணில் தா நிற்கும், பெண்பால் என்றால் தா விழுந்துவிடும். பெயரடை எப்போதும் பெயரின் பாலைப் பின்பற்றும் என்று படித்துவிட்டு வருகிறவருக்கு இது தலைகீழாகத் தெரியும். இலக்கணமும் இதைத் தலைகீழ் என்றேதான் சொல்கிறது. ஹீப்ருவிலும் மூன்று முதல் பத்து வரை இதே வழக்கம் உண்டு, ஆகவே அரபியில் மட்டும் நடக்கும் விசித்திரம் அல்ல.

தமிழில் பகலும் இரவும் அஃறிணைதான். அவற்றுக்கு ஆண்பால், பெண்பால் கிடையாது. அதனால் நமக்கு முதல் வேலை, பொருளின் பாலைக் கண்டுபிடிப்பது.

படி 1: ஒருமைக்குப் போங்கள். எண்ணுக்குப் பின்னால் வருவது பன்மைச் சொல். ஆனால் பாலைப் பன்மையில் தேடக் கூடாது. அதன் ஒருமையை எடுத்து, முன்னால் 'இது' என்று பொருள்படும் ஹாதா பொருந்துகிறதா, ஹாதிஹி பொருந்துகிறதா என்று பாருங்கள். ஹாதா என்றால் ஆண்பால், ஹாதிஹி என்றால் பெண்பால்.

படி 2: எண்ணை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஹாதா வந்தால் தா உள்ள நீண்ட வடிவம். ஹாதிஹி வந்தால் ஸலாஸ், அர்பஃ, கம்ஸ், ஸித், ஸப்ஃ, ஸமானீ, திஸ்ஃ, அஷ்ர் என்ற குறுகிய வடிவம். பத்தில் மட்டும் ஒரு நுணுக்கம்: ஆண்பாலோடு 'ஷ' அகர ஒலி பெற்று அஷரா ஆகும், பெண்பாலோடு அந்த ஒலி போய் அஷ்ர் ஆகும்.

படி 3: பொருளைப் பன்மையில் வைத்துச் சேருங்கள். குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் அல் என்ற முன்னொட்டைச் சேர்க்காத பன்மை வேண்டும், அதன் கடைசியில் ஆறாம் வேற்றுமை ஒலி வரும். இதுவரை சொன்னதைச் சேர்த்தால் கிதாப் என்ற ஆண்பால் சொல் ஸலாஸது குதுபின் ஆகும், அதாவது மூன்று புத்தகங்கள். ஸய்யாரா என்ற பெண்பால் சொல் ஸலாஸு ஸய்யாராதின் ஆகும், மூன்று கார்கள். எண்ணின் கடைசி உயிரொலி வாக்கியத்தில் அது வகிக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். எழுவாயாக நின்றால் உகரம்.

இந்த விதியின் இரு பக்கமும் குர்ஆனின் 69வது அத்தியாயம், 7வது வசனத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ஆத் கூட்டத்தார் மீது காற்று வீசிய காலம் அங்கே ஸப்அ லயாலின் வஸமானியத அய்யாமின் என்று சொல்லப்படுகிறது: ஏழு இரவுகள், எட்டுப் பகல்கள். லயாலின் என்பதன் ஒருமை லைலா, அதற்கு ஹாதிஹி வரும். ஆகவே ஏழில் தா இல்லை. அய்யாமின் ஒருமை யவ்ம், அதற்கு ஹாதா வரும். ஆகவே எட்டில் தா நிற்கிறது. இரண்டு எண்களும் எவ்வளவு காலம் என்று சொல்வதால் அகரத்தில் முடிகின்றன. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் அட்டவணையே தேவைப்படாது என்பது என் கருத்து.

அப்புறம், தவறு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் பன்மையின் தோற்றத்தை நம்புவதில். ரியால் என்ற சொல்லின் பன்மை ரியாலாத். 'ஆத்' என்று முடிவதால் பெண்பால் என்று நினைத்து கம்ஸு ரியாலாதின் என்று எழுதிவிடுவார்கள். ஒருமை ரியால் ஆண்பால், ஆகவே கம்ஸது ரியாலாதின் என்பதே சரி. கேள்வி என்ற பொருளுள்ள ஸுஆலும் அப்படித்தான். பன்மையான அஸ்இலாவில் தா மர்பூதா இருந்தாலும் ஒருமை ஆண்பால், எனவே கம்ஸது அஸ்இலதின். இதற்கு நேர்மாறாக, நிமிடங்களைக் குறிக்கும் தகாஇக் என்ற பன்மையில் பெண்பால் அடையாளமே தெரியாது. ஒருமை தகீகா என்பதால் கம்ஸு தகாஇக. இத்தகைய சில பன்மைகள் தன்வீன் என்னும் கடைசி 'ன்' ஒலியை ஏற்காமல் ஆறாம் வேற்றுமையிலும் அகரத்தில்தான் முடியும், பிழை என்று நினைக்க வேண்டாம்.

சில சொற்களுக்கு ஒருமையிலும் அடையாளம் இருக்காது. ஐன் (கண்), யத் (கை), தார் (வீடு) ஆகியவை தா இல்லாமலே பெண்பால். இங்கேதான் ஹாதிஹி சோதனை கைகொடுக்கும், ஆனால் அந்தச் சொல்லை ஹாதிஹியோடு சேர்த்தே படித்திருக்க வேண்டும். புதிய சொல்லை நோட்டில் எழுதும்போதே ஹாதா அல்லது ஹாதிஹி சேர்த்து எழுதுங்கள்.

இது எழுத்து அரபியின் விதி. எகிப்து போன்ற இடங்களின் பேச்சில் பொருளுக்கு முன்னால் பால் பார்க்காமல் குறுகிய வடிவமே வரும். தலத் குதுப், தலத் பனாத் இரண்டும் அங்கே சரி. அதைக் கேட்டுவிட்டுத் தேர்வுத்தாளில் அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும். 11 முதல் வேறு விதிகள் தொடங்குகின்றன, பொருளும் ஒருமைக்குத் திரும்பிவிடும்.