லைன் நிறைய இருக்கு, எஸ்எம்எஸ் மட்டும் போகலையா? மெசேஜ் சென்டர் நம்பரில் செய்யக்கூடாதவை

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு லைன் கிடைக்காத தொல்லை பழகிப்போன ஒன்று. அதனால் எஸ்எம்எஸ் போகவில்லை என்றதும் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடப்பார்கள். லைன் முழுசாகக் காட்டும்போதும் அதே நடைதான். முதல் தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

நாம் அனுப்பும் எஸ்எம்எஸ் நேராக எதிர்முனை போனுக்குப் போவதில்லை. முதலில் நம்முடைய நிறுவனத்தின் மெசேஜ் சென்டருக்குப் போய், அங்கிருந்துதான் உரியவருக்குப் போகும். அந்த சென்டருக்கு ஒரு நம்பர் உண்டு. பெரும்பாலும் அது சிம் கார்டிலேயே பதிந்திருக்கும். அது தப்பாக இருந்தால் டவர் பக்கத்திலேயே நின்றாலும் செய்தி போகாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. நமக்கு வரும் செய்தியை அனுப்பியவருடைய சென்டர்தான் கொண்டுவந்து சேர்க்கிறது; நம் சிம்மில் இருக்கும் நம்பருக்கு அதில் வேலையே இல்லை. ஆகவே பேச முடிகிறது, வங்கியின் ஓடிபி வருகிறது, ஆனால் யாருக்கு அனுப்பினாலும் Message not sent என்று திரும்புகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது மெசேஜ் சென்டர் நம்பரை. ஒரே ஒருவருக்கு மட்டும் போகவில்லை என்றால் காரணம் வேறு. இணையத்தள லிங்க் உள்ள செய்தி மட்டும் போகவில்லை என்றாலும் வேறுதான். மோசடிக்குப் பயந்து 2023 முதல் இங்கே அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். "சாப்பிட்டாச்சா" என்று வெறும் எழுத்தில் அனுப்பிப் பாருங்கள்.

சோதிக்கும்போதும் ஒரு தவறு நடக்கும். ஐபோனிலிருந்து இன்னொரு ஐபோனுக்கு அனுப்பினால் அது டேட்டா வழியாகவே போய்விடலாம். ஆண்ட்ராய்டில் RCS சேட் போட்டிருந்தாலும் அதே கதை. பட்டன் போன் வைத்திருக்கும் யாராவது ஒரு பாட்டிக்கு அனுப்பினால்தான் உண்மை தெரியும்.

எங்கள் லயத்தில் ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் இருக்கிறார். மகள் ஜொகூரில் தொழிற்சாலை வேலை. வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது என்பதால் இருவருக்கும் எஸ்எம்எஸ்தான். செலவு குறையும் என்று அதே நம்பரோடு வேறு நிறுவனத்துக்கு மாறினார், புது சிம் வந்தது. டாப் அப் செய்யாமலே மகளுக்கு எழுதினார், போகவில்லை. அந்த நேரம் பார்த்துப் பேரன் உதவிக்கு வந்தான். "தாத்தா, உங்க நம்பர் 012லதானே ஆரம்பிக்குது? அந்த கம்பெனி சென்டர் நம்பரைப் போட்டா சரியாயிடும்" என்று இணையத்தில் தேடி, போனில் இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். மறுநாள் டாப் அப் செய்தார்கள். அப்போதும் போகவில்லை. இந்த முறை காரணம் காசு அல்ல, பேரன் போட்ட நம்பர்.

அதில் இரண்டு பிழைகள் இருந்தன. 2008 முதல் மலேசியாவில் நம்பரை மாற்றாமலே நிறுவனம் மாற முடிகிறது. 012 என்று ஆரம்பிப்பதை வைத்து இன்று அது எந்த நிறுவனம் என்று சொல்ல முடியாது. ஒரு நிறுவனத்தின் சிம், இன்னொரு நிறுவனத்தின் சென்டரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் கதவு திறக்காது. இரண்டாவது பிழை, +60 போட்ட பிறகும் உள்ளூர்ப் பழக்கத்தில் 0 சேர்த்து +6001 என்று எழுதியது. நாட்டுக் குறியீடு வந்துவிட்டால் அந்த 0 போக வேண்டும். +601 என்றுதான் தொடரும். முன்னால் + இல்லாமல் விடுவதும், நடுவில் கோடு போடுவதும் இதே வகைதான். தன் சொந்த நம்பரையே அங்கே போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு.

சரியான நம்பருக்கு இணையப் பட்டியல்களை நான் நம்புவதில்லை. பாதி பழசு. இன்னொருவரின் டவரை வாடகைக்கு எடுத்து ஓட்டும் சின்ன நிறுவனங்களின் சிம் என்றால் ஊகிக்கவே வேண்டாம். அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும், எஸ்எம்எஸ் நன்றாகப் போகும் ஒருவரைப் பிடியுங்கள். மண்டோர் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்காவிடம் அப்படி ஒன்று இருந்தது. அக்காவின் சிம்மை மண்டோரின் போனில் போட்டு, மெசேஜ் அமைப்புகளில் இருந்த சென்டர் நம்பரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டோம். அந்த சிம்மிலிருந்து ஒரு செய்தியும் அனுப்பிப் பார்த்தோம், போனது. அதாவது போன் பழுதில்லை. பிறகு மண்டோரின் சிம்மைத் திருப்பிப் போட்டு, எழுதியதை அப்படியே அடித்து, போனை அணைத்துப் போட்டதும் மகளுக்குச் செய்தி போனது.

ஸ்மார்ட்போனில் இந்த நம்பர் கொஞ்சம் ஒளிந்திருக்கும். ஐபோனில் டயல் பக்கத்தில் முதல் வரியை அடித்துக் கூப்பிட்டால் இப்போதைய நம்பரைக் காட்டும். இரண்டாவது வரி மாற்றுவதற்கு. X இருக்கும் இடத்தில் உங்கள் சென்டரின் எண்கள் வரும்.

```
*#5005*7672#
**5005*7672*+601XXXXXXXX#
```

பல ஆண்ட்ராய்டு போன்களில் `*#*#4636#*#*` அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அதில் Phone information உள்ளே போய், கீழே SMSC என்ற இடத்தில் Refresh தட்டினால் நம்பர் தெரியும். சாம்சங்கில் இந்தக் குறியீடு திறக்காமல் போகலாம். அதன் சொந்த மெசேஜ் செயலியின் அமைப்புகளில் Message centre என்று தேடுங்கள்.

ஆண்ட்ராய்டில் பலர் சறுக்கும் இடம் Update பொத்தான். வெறும் நம்பரைப் போட்டுத் தட்டினால் சில போன்கள் பிழை காட்டும். காரணம், அவை இந்த வடிவத்தை எதிர்பார்க்கின்றன:

```
"+601XXXXXXXX",145
```

145 என்பது இது நாட்டுக் குறியீட்டோடு எழுதிய நம்பர் என்று போனுக்குச் சொல்லும் குறி. எந்த வடிவம் என்று குழம்ப வேண்டாம். நன்றாக ஓடும் சிம்மைப் போட்டு Refresh தட்டும்போது மேற்கோள் குறியோடு காட்டினால் மேற்கோள் குறியோடு, இல்லாமல் காட்டினால் இல்லாமல் அடியுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்றதைத் தொடாதீர்கள், முக்கியமாக நெட்வொர்க் வகை. இரண்டு சிம் போன் என்றால் எந்த சிம்மின் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டே மாற்றுங்கள். ஒவ்வொரு சிம்முக்கும் தனி நம்பர். மாற்றுவதற்கு முன் பழைய நம்பரைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் போனை ஃபேக்டரி ரீசெட் செய்யலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிம்மில் இருக்கும் தப்பான நம்பர் அதில் அழியாது, பேரப்பிள்ளைகளின் படங்கள்தான் அழியும்.

நம்பர் சரியாக இருந்தும், அதே சிம் வேறு போனிலும் அனுப்ப மறுத்தால், அல்லது மாற்றிய நம்பர் சிம்மில் நிற்காமல் போனால், இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. நிறுவனத்தின் கவுண்டருக்குப் போய், எஸ்எம்எஸ் சேவை திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, அப்புறம் சிம்மை மாற்றித் தரக் கேளுங்கள். நம்பர் மாறாது. ஐசி எடுத்துப் போங்கள். தோட்டத்தில் அப்பாவின் சிம் மகன் பேரிலும், அம்மாவின் சிம் மருமகன் பேரிலும் இருப்பது சகஜம். யார் பேரில் பதிந்திருக்கிறதோ அவரையும் கூட்டிப் போங்கள்.