ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருக்கும் சிறு தொழில்: கணக்கில் தவறுவது எங்கே?

விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே இடத்துக்குப் போகிறது என்றால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆபத்து எவ்வளவு, அது எந்த வழியாக வந்து தாக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பின்பற்றும் சர்வதேசக் கணக்கியல் தரம் ஐ.எஃப்.ஆர்.எஸ். 8, வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அதை வெளியே சொல்லச் சொல்கிறது. சிறு சப்ளையருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால், அந்தக் கணக்கைத் தானாகவே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சிறிய ஆலையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 100. அதில் பெரிய வாடிக்கையாளர் 60, இரண்டாமவர் 15, மற்ற எட்டுப் பேர் சேர்ந்து 25. மூலப்பொருள், மின்சாரம், போக்குவரத்து போல ஆர்டருக்கு ஏற்ப ஏறி இறங்கும் செலவைக் கழித்தால் பெரியவரிடமிருந்து 15, இரண்டாமவரிடமிருந்து 5, சின்னவர்களிடமிருந்து 10 மிஞ்சுகிறது. மொத்தம் 30. வாடகை, சம்பளம், வட்டி, இயந்திரக் கடன் தவணை என்று எப்படியும் கட்டியாக வேண்டிய செலவு 24. லாபம் 6.

விற்பனைப் பங்கை மட்டும் பார்ப்பது

இந்த ஆலையில் பெரியவரின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் 60 சதவீதம் என்றுதான் பதில் வரும். கடன் பாக்கியைப் பாருங்கள். பெரியவர் 90 நாளில் பணம் தருகிறார், அதனால் அவரிடம் எப்போதும் 180 நிற்கிறது. இரண்டாமவர் 45 நாள், அவரிடம் 22.5. மற்றவர்கள் 30 நாள், அவர்களிடம் 25. வெளியே நிற்கும் 227.5-இல் பெரியவரிடம் மட்டும் 79 சதவீதம்! பெரிய வாடிக்கையாளர்கள் நீண்ட கெடு கேட்பது வழக்கம் என்பதால், பெரும்பாலும் விற்பனைப் பங்கைவிடப் பாக்கிப் பங்குதான் அதிகமாக இருக்கும். அவர் திவாலானால் போவது 60 அல்ல, 180. அதாவது இந்த ஆலையின் முப்பது மாத லாபம்.

இன்னொரு பக்கம், மிஞ்சும் தொகையில் அவர் பங்கு 30-க்கு 15, பாதிதான். பெரியவரின் விலைக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி குறைவு, சின்னவர்களிடம் அது கூடுதல். ஆகவே ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று வெவ்வேறு பங்குகள் இருக்கின்றன: விற்பனையில் 60, லாபம் தரும் மிச்சத்தில் 50, பாக்கியில் 79. இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை ஒரே தாளில் எழுதி வைத்தால் எங்கே பிடி இறுகுகிறது என்று தெரியும்.

அவர் போய்விடுவாரா என்பதை மட்டும் யோசிப்பது

பெரும்பாலான நேரத்தில் பெரியவர் போவதில்லை. இருந்துகொண்டே அழுத்துகிறார். விலையில் 5 சதவீதம் குறைக்கச் சொல்கிறார் என்று வைப்போம். கேட்கச் சின்ன எண்தான். 60 என்பது 57 ஆகிறது, செலவு எதுவும் குறையவில்லை, லாபம் 6-லிருந்து 3. பாதி போய்விட்டது. 10 சதவீதம் என்றால் லாபமே இல்லை.

கெடுவை 90 நாளிலிருந்து 120 நாளாக நீட்டுகிறார் என்றால், இன்னும் 60 வெளியே நிற்கும். பாக்கியை அடமானமாக வைத்து வங்கி கடன் தருகிறதே என்று தோன்றலாம். ஆனால் பல கடன் நிறுவனங்கள் 90 நாளைத் தாண்டிய பில்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரே வாடிக்கையாளரின் பாக்கிக்குத் தனி உச்சவரம்பு வைப்பதும் உண்டு. அப்படியானால் அந்த 60-ஐயும் கைக்காசிலிருந்துதான் போட வேண்டும், பத்து மாத லாபம் அது. சரக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சம்பளத்துக்குத் திணறும் ஆலைகள் பலவற்றில் நடப்பது இதுதான். விலையை ஒரு சதவீதம் விட்டுக்கொடுப்பதா, கெடுவை ஒரு மாதம் விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வி வந்தால், பணம் இறுக்கமாக உள்ள ஆலைக்குக் கெடுதான் கொடிய இழப்பு. விலைக்கு மல்லுக்கட்டிவிட்டுக் கெடுவைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுவது அடிக்கடி நடக்கிறது.

ஒப்பந்தம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது

பல ஒப்பந்தங்கள் விலையை மட்டுமே உறுதி செய்கின்றன, அளவை அல்ல. 'இந்த ஆண்டு இவ்வளவு தேவைப்படலாம்' என்று அனுப்பும் மதிப்பீட்டுத் தாள் ஆர்டர் ஆகாது. அதை நம்பி மூலப்பொருளை வாங்கிக் குவித்தால், அந்தச் சரக்கு யாருடையது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் பதில் இருக்க வேண்டும்.

குறைந்தபட்ச அளவை எழுதித் தரச் சொன்னால் பெரியவர் ஒப்புக்கொள்வது கடினம். அதற்குப் பதில் அவர் எளிதாகத் தரக்கூடியவை மூன்று உண்டு. ஆர்டரை நிறுத்துவதற்கு 90 முதல் 180 நாள் முன்னறிவிப்பு. அவருக்கென்றே வாங்கிய, வேறு யாருக்கும் விற்க முடியாத மூலப்பொருளையும் முடித்து வைத்த சரக்கையும் அவரே எடுத்துக்கொள்வது. அவருக்காகச் செய்த அச்சு, டை ஆகியவற்றின் செலவில் மீதமுள்ளதைத் தந்துவிடுவது. இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால், அளவு உறுதி இல்லாததன் வலி பாதியாவது குறையும்.

இயந்திரக் கடனில் நடக்கும் தவறும் இதே இனம்தான். ஐந்து ஆண்டுத் தவணையில் இயந்திரம் வாங்குகிறோம், ஆர்டருக்கு ஒரு ஆண்டு உறுதிகூட இல்லை. அந்த இயந்திரத்தில் வேறு யாருடைய வேலையையும் ஓட்ட முடியாது என்றால், முழுத் தொகையும் முன்னறிவிப்புக் காலத்துக்குள் திரும்பி வருமா என்றே கணக்குப் போட வேண்டும். வராது என்றால் இயந்திரச் செலவைப் பெரியவரோடு பகிரச் சொல்லிக் கேட்கலாம், அல்லது பொதுவான வேலைக்கும் பயன்படும் இயந்திரமாகத் தேடலாம்.

எண்ணிக்கையை நம்புவது

பத்து வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களே என்ற கணக்கு ஏமாற்றலாம். நம் ஆலையின் இரண்டாமவர் வாங்கும் பாகத்தைத் தன் சரக்கில் சேர்த்து அதே பெரியவருக்கு விற்கிறார் என்றால், பெரியவர் நிறுத்தும் நாளில் இரண்டாமவரும் நிறுத்துவார். உண்மையான பங்கு 60 அல்ல, 75. ஒரே குழுமத்தின் இரு நிறுவனங்கள், ஒரே இறுதிப் பொருளுக்குச் சரக்கு வாங்கும் இருவர் ஆகியோரையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் 'இந்தப் பாகம் கடைசியில் எதில் போய்ச் சேர்கிறது?' என்று கேட்டு எழுதி வைத்தால் போதும்.

சதவீதத்தைக் குறைக்க அவசரப்படுவது

60 சதவீதத்தை 40 ஆக்க வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் சிலர் பெரியவரின் ஆர்டரையே வெட்டுகிறார்கள். சிலர் பணம் தராதவருக்கும் சரக்குக் கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். இரண்டுமே இருக்கிற 6-ஐயும் தின்றுவிடும்.

பெரியவர் அதே 60-இல் இருக்க, அவர் பங்கு 40 சதவீதம் ஆக வேண்டுமானால் மொத்தம் 150 ஆக வேண்டும், மற்றவர்கள் 40-லிருந்து 90 ஆக வேண்டும். ஆண்டுக்கு 20 சதவீதம் வளர்ந்தாலும் அதற்கு ஐந்தாம் ஆண்டு வந்துவிடும். அதுவரை காப்பது கைக்காசுதான். எவ்வளவு வேண்டும்? பெரியவர் போனால் மிஞ்சுவது 15, கட்ட வேண்டியது 24, மாதம் 9 பற்றாக்குறை. முதல் மூன்று மாதத்துக்கு 27. அதற்குள் அவருக்காகவே வைத்திருந்த இரண்டாம் ஷிப்ட், கிடங்கு வாடகை ஆகியவற்றில் 4 குறைத்தால் பற்றாக்குறை 5. அடுத்த ஆறு மாதத்துக்கு 30. ஆக, புதிய ஆர்டர் பிடிக்க ஒன்பது மாதம் கேட்டால் 57 தேவை. மாதம் 3 ஒதுக்கினால் 19 மாதத்தில் சேர்ந்துவிடும்.

அவர் போனால் பாக்கி 180 வருமே, அதை வைத்துச் சமாளிக்கலாம் என்பது இங்கே வரும் பொய்யான ஆறுதல். வங்கி அந்தப் பாக்கியின் மேல் 70 சதவீதம் கொடுத்திருந்தால் 126 அதற்கே திரும்பிப் போகும். மூலப்பொருள் கடைக்காரர்களுக்கு 45 இருந்தால், கையில் நிற்பது 9. ஒரு மாதப் பற்றாக்குறைக்குச் சரி.

திவால் பயத்துக்குக் கடன் காப்பீடு உதவும். ஆனால் காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரம்பு வைக்கும். அவர் தடுமாறுகிறார் என்று தெரிந்தால், இனி அனுப்பும் சரக்குக்கான வரம்பைக் குறைத்துவிடலாம். வரம்பு குறைந்த கடிதம் வந்தால் அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த லோடு ஏற்ற வேண்டும்.

முன்னறிகுறிகளைத் தனித்தனியாக விட்டுவிடுவது

2017 ஏப்ரலில் பிரிட்டனின் இமாஜினேஷன் டெக்னாலஜிஸ், தன் வருவாயில் பாதியளவு தந்த ஆப்பிள் நிறுவனம் இனி தன் கிராஃபிக்ஸ் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. அன்றே அதன் பங்கு விலை பாதிக்கு மேல் சரிந்தது. அதே ஆண்டில் அந்த நிறுவனம் விற்கப்பட்டது. வாடிக்கையாளர் வேலையைத் தானே செய்துகொள்ளத் தொடங்குவதற்கு இது தெளிவான உதாரணம்.

சிறு ஆலையில் அது இப்படித் தெரியும்: செய்முறைத் தாளையும் செலவு விவரத்தையும் புதிதாகக் கேட்கிறார்கள், மதிப்பீட்டுக்கும் உண்மை ஆர்டருக்கும் இடைவெளி மூன்று மாதம் தொடர்ந்து கூடுகிறது, சின்னக் குறைகளுக்கெல்லாம் பாக்கியில் பணத்தைக் கழிக்கும் டெபிட் நோட் வருகிறது, பணம் வரும் நாள் 90-லிருந்து 97, 104 என்று நகர்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு காரணம் சொல்லப்படும். நான்கில் இரண்டு ஒரே காலாண்டில் வந்தால் அவருக்காக மூலப்பொருள் வாங்குவதை உறுதியான ஆர்டர் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நிறுத்தும் கடிதம் வந்த பின் கடைசி லோடுதான் முக்கியம். அது போய்விட்டால் பேரம் பேச எதுவும் மிஞ்சாது. கடைசி மாதங்களில்தான் பழைய குறைகளுக்கெல்லாம் டெபிட் நோட் போட்டுப் பாக்கியில் கழிப்பார்கள். ஆகவே கடைசி லோடுக்கு முன் மூன்று காரியங்கள்: பில் வாரியாக நிலுவையை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைப்பது, மீதச் சரக்கின் பட்டியலை அவர் கையெழுத்தோடு வாங்குவது, இனி போகும் சரக்குக்கு முன்பணம் கேட்பது. அவருக்குச் சொந்தமான அச்சுகளை எப்போது ஒப்படைப்பது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கணக்கு தீர்ந்த பின்தான் ஒப்படைப்பு என்ற வரி அதில் இருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே பார்த்திருக்க வேண்டும்.