அறம், பொருள், இன்பம்: படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

திருக்குறளின் முப்பாலைப் புதிதாகப் படிப்பவர்கள் சொற்பொருளில் தடுமாறுவது இயல்பு. உரையைப் புரட்டினால் அது தீர்ந்துவிடும். இங்கே சொல்ல வருவது உரையைப் படித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் தவறுகளைப் பற்றி.

அதிகாரங்களை எண்ணி எடை போடுவது

அறத்துப்பால் 38 அதிகாரம், பொருட்பால் 70, காமத்துப்பால் 25. "பாதிக்கு மேல் பொருளுக்குத்தான், ஆக வள்ளுவர் பணத்துக்கே முதலிடம் கொடுத்தார்" என்று மேடையில் முழங்குவார்கள். அந்த 70-இல் அரசன், அமைச்சன், தூது, அரண், படை, நட்பு, மருந்து, உழவு எல்லாம் அடக்கம். பணம் சேர்ப்பதை நேரடியாகப் பேசுவது 'பொருள் செயல்வகை' என்ற ஒரே அதிகாரம். அதற்கு எண் 76.

நாலாவதான வீட்டைக் காணோம் என்று தேடுவது

அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து எண்ணப்படும் வீடு, அதாவது பிறவியிலிருந்து விடுதலை, துறவறவியலுக்குள் இருக்கிறது. பரிமேலழகர் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்.

754-ஆம் குறளைக் கத்தரிப்பது

எத்தனை முறை திருத்தினாலும் திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டும் தவறு இதுதான். கட்டுரையில் இப்படி எழுதுவார்கள்: "பொருள் இருந்தால் அறமும் வரும், இன்பமும் வரும் என்கிறது குறள்." குறளை முழுதாகப் பாருங்கள்:

அறன்ஈனும் இன்பமும் ஈனும் திறனறிந்து
தீதின்றி வந்த பொருள்.

'வந்த' என்பது பெயரெச்சம். எந்தப் பொருள் என்று வரையறுப்பதே அதன் வேலை. திறன் அறிந்து, தீது இல்லாமல் வந்த பொருள்தான் அறத்தையும் இன்பத்தையும் ஈனும். 'திறனறிந்து தீதின்றி வந்த' என்பதை விட்டுவிட்டால் குறள் தலைகீழாகிறது. எப்படி வந்தது என்ற கேள்வி மறைந்துபோய், "முதலில் சம்பாதி, அறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வரிசை முளைக்கிறது. அந்த வரிசையில் அறம் என்றால் கடைசியில் போடும் அன்னதானம் மட்டுமே. வள்ளுவரோ அறத்தைப் பொருளின் வாசலிலேயே நிறுத்துகிறார். உள்ளே நுழையும்போது ஒரு சோதனை, வெளியே போகும்போது ஒரு பயன்: ஒரே குறளில் அறத்துக்கு இரண்டு வேலை.

ஐயமிருந்தால் அடுத்த குறளைப் படித்தால் போதும். அருளோடும் அன்போடும் வாராத பொருளாக்கத்தை 'புல்லார் புரள விடல்' என்கிறது 755. வாங்கித் தானம் செய் என்று சொல்லவில்லை. வாங்காமலே உருண்டு போகவிடு என்கிறது. இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் 660: வஞ்சனையால் பொருள் சேர்த்துக் காப்பது, சுடாத பச்சை மண் கலத்தில் நீரை ஊற்றி வைப்பது போல. இந்த உவமையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பச்சை மண் கலத்தில் நீர் மட்டும் போவதில்லை. நீரில் ஊறிக் கலமும் கரைந்துவிடும். பொருளோடு அதை வைத்திருப்பவனும் போகிறான்.

கத்தரிப்பவர்கள் கையில் எடுக்கும் இன்னொரு ஆயுதம் 760: 'ஒண்பொருள் காழ்ப்ப இயற்றியார்க்கு எண்பொருள் ஏனை இரண்டும் ஒருங்கு.' பொருளை நிறையச் சேர்த்தவனுக்கு மற்ற இரண்டும் எளிது என்றுதானே இருக்கிறது என்பார்கள். பரிமேலழகர் இங்கே ஒண்பொருளை நெறியால் வரும் பொருள் என்று விளக்குகிறார். இதற்குப் பதில் சொல்லப் போய் மறுபக்கத்தில் விழுபவர்களும் உண்டு: "'ஒண்' என்ற அடைமொழி வந்தாலே தூய பொருள்தான்" என்று அடித்துச் சொல்வார்கள். அது நிற்காது. 'அறம்நோக்காது ஈட்டிய ஒண்பொருள்' என்று 1009-இல் அதே சொல் வருகிறது. சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடாதீர்கள். 754, 755 இரண்டையும் கடந்துதான் அதிகாரம் 760-க்கு வருகிறது. வாசலில் வைத்த சோதனையைக் கடைசிக் குறளில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

1009 இன்னொரு காரணத்துக்காகவும் படிக்கத்தக்கது. சமநிலை கெட்டவனின் படம் அதில் இருக்கிறது: அன்பை விட்டான், தன்னையும் வருத்திக்கொண்டான், அறத்தையும் பார்க்கவில்லை, ஈட்டினான். அந்தப் பொருளைக் 'கொள்வார் பிறர்.' பொருள் ஒன்றைப் பிடித்து இன்பத்தையும் அறத்தையும் விட்டவனுக்குக் கடைசியில் அந்தப் பொருளும் மிஞ்சுவதில்லை.

மூன்றையும் மூன்று சம பங்காக நினைப்பது

சமநிலை என்றதும் தராசுத் தட்டு நினைவுக்கு வருகிறது. பழைய தமிழ்ப் படம் வேறு. புறநானூறு 31-இல் கோவூர் கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பாடும்போது, மற்ற இரண்டு வேந்தர் குடைகளும் பின்னே வர அவன் குடை முன்னே ஓங்குவதற்கு உவமை தேடுகிறார். பொருளும் இன்பமும் அறத்தின் வழிப்பட்டு வருவதுபோல என்கிறார். மூன்றும் இருக்கின்றன, ஆனால் ஒன்று முன்னே, இரண்டு பின்னே.

பங்கு என்று கணக்குப் போட விரும்பினால் அதற்கான இடம் வருமானம். 477-ஆம் குறள் உரையில் பரிமேலழகர் ஒரு கணக்குத் தருகிறார்: வருவாயை நான்கு கூறாக்கி, இரண்டைத் தன் செலவுக்கும், ஒன்றை வரும் இடருக்கு வைப்பாகவும், ஒன்றை ஈகைக்கும் வைக்க வேண்டும். மாதம் 40,000 வருகிறதென்றால் 20,000 குடும்பத்துக்கு, 10,000 சேமிப்புக்கு, 10,000 பிறருக்கு. ஈகைக்கு எல்லை கட்டியிருப்பதைக் கவனியுங்கள். 480 இதை வெளிப்படையாகவே சொல்கிறது: தன்னிடம் உள்ளதைத் தூக்கிப் பார்க்காமல் செய்யும் ஒப்புரவால் செல்வத்தின் அளவு விரைவில் கெடும். அறம் முன்னே போகிறது என்பதற்காகப் பொருளை மொத்தமாக வாரி இறைத்தால் அடுத்த மாதம் அறம் செய்யவும் ஒன்றும் இராது.

இன்பத்தை ஓரமாக ஒதுக்குவது

பள்ளிப் பாடத்தில் காமத்துப்பால் கண்ணில் படுவதே அரிது என்பதால் வரும் பழக்கம். தொல்காப்பியக் களவியல் 'இன்பமும் பொருளும் அறனும்' என்று இன்பத்தை முதலில் வைத்துத் தொடங்குகிறது.

மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடத்தைப் பார்க்கப் பாலைத்திணைக்குப் போக வேண்டும். கலித்தொகை 11-இல் தலைவன் பொருள் தேடப் பிரிகிறான். அவன் சொல்லும் காரணங்களில் மூன்றுமே இருக்கின்றன: பொருள் இருந்தால் அருளியோர்க்கு அளிக்கலாம், பகைவரை வெல்லலாம், காதலின் புணர்ச்சியும் கிடைக்கும். 754-இன் வாதம்தான், அகப்பாட்டுக்குள் நுழைந்திருக்கிறது. இதற்கு எதிர்வாதமும் அதே நூலில் உண்டு. ஒரே ஆடையைக் கூறிட்டு ஆளுக்குப் பாதி உடுத்துபவரே ஆனாலும் ஒன்றியிருப்பவர் வாழ்க்கையே வாழ்க்கை, போன இளமையைத் திரும்பத் தருவது அரிது என்கிறது 18-ஆம் பாட்டு. இதில் எது சரி என்று தீர்ப்பெழுதப் புறப்படுவதும் ஒரு தவறுதான். பொருளைப் பிறகும் ஈட்டலாம், இளமையை ஈட்ட முடியாது என்பது பிரிவைத் தடுக்கும் குரலின் கணக்கு. பொருள் இல்லாமல் இல்லறம் ஓடாது என்பது பிரிபவனின் கணக்கு.

11-ஆம் பாட்டில் தலைவி அந்த வழக்கை நடத்தவே இல்லை. போகும் வழியில் என்னென்ன உண்டு என்று அவன் முன்பு சொன்னதை நினைத்துப் பார்க்கிறாள். காடு கொடியது, கால் வைக்க முடியாது. அங்கே யானைக்கன்று கலக்கிவிட்ட கொஞ்சம் நீரைப் பிடிக்கு ஊட்டிவிட்டுப் பிறகுதான் களிறு குடிக்குமாம். அதைப் பார்ப்பவன் திரும்பி வந்துவிடுவான் என்பது அவள் நம்பிக்கை.