17 மைக்ரோ ஆம்பியர் என்றால் வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்? போலரைசேஷன் வளைகோட்டிலிருந்து அரிப்பு வேகம்

பட்டர்வொர்த்தில் வெல்டிங் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், மீன் வளர்க்கும் மிதவைக்குப் போடுகிற 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் பிளேட் கடல் நீரில் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டார். ஆய்வகத்தில் பொட்டன்ஷியோஸ்டாட் இருக்கும்போது இதெல்லாம் ஒரு மத்தியான வேலை என்று நினைத்து ஒரு வாளி கடல் நீரோடு வந்தேன். மென்பொருள் கொடுத்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, "முந்நூறு வருஷம் வரும் மாமா" என்றேன்.

அவர் சிரித்தார். "முந்நூறு வருஷமா? தம்பி, நான் வெச்ச பிளேட்டுல எட்டு வருஷத்துல ஓட்டை விழுந்துருச்சு."

அந்த மத்தியான வேலை ஒரு மாதமாக இழுத்தது. எங்கே தப்பினேன் என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். மூன்று எலக்ட்ரோடு வைத்து செல் கட்டுவது தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மாதிரியும் அதன் பரப்பும்

12 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் கம்பியை வெட்டி, பின்பக்கம் வயர் இணைத்து, எபாக்ஸியில் பதித்தேன். முகப்பை 600 எண் தாள் வரை தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் போதும். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு இதற்குத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது விளிம்பு. எபாக்ஸிக்கும் ஸ்டீலுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி இருந்தாலும் நீர் உள்ளே இறங்கிவிடும். அப்போது நீங்கள் அளக்காத ஒரு பரப்பும் சேர்ந்து அரிக்கும். விளிம்பைச் சுற்றி நகப்பூச்சு ஒரு மெல்லிய வளையமாகப் பூசிவிடுங்கள். இதற்கென்றே விற்கிற லாக்கரை விட மலிவான நகப்பூச்சுதான் எனக்கு ஒழுங்காக வேலை செய்தது. பூசிக் காய்ந்த பிறகு திறந்திருக்கும் வட்டத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். என் மாதிரியில் பூச்சு ஸ்டீல் மேல் ஏறவில்லை, அதனால் விட்டம் 12 மி.மீ.தான். பரப்பு 3.1416 × 0.6 × 0.6 = 1.131 ச.செ.மீ.

மென்பொருளில் பரப்புக் கட்டம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 1 என்று நிரப்பியே இருக்கும். நான் அதை 1 ஆகவே விட்டுவிட்டுப் பிறகு கையால் வகுப்பேன். இல்லாவிட்டால் ஒருமுறை வகுத்தோமா, இருமுறை வகுத்தோமா என்று பிறகு குழம்ப நேரிடும்.

படி 2: காத்திருந்து ஓட்டுவது

மாதிரியை நீரில் இறக்கியதும் ஓட்டத்தைத் தொடங்காதீர்கள். வெளியிலிருந்து மின்னோட்டம் எதுவும் கொடுக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் ஒரு மணி நேரம் கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டுக்கு மேல் நகராத நிலைக்கு வந்தால் சரி. எனக்கு அது வெள்ளி–வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடுக்கு எதிராக −0.64 வோல்ட்டில் நின்றது. இதுதான் `Ecorr`, அரிப்பு மின்னழுத்தம்.

பிறகு அதற்குக் கீழே 300 மில்லிவோல்ட்டில் தொடங்கி, மேலே 150 வரை, நொடிக்கு 0.1667 மில்லிவோல்ட் வேகத்தில் ஓட்டுங்கள். மொத்தம் 45 நிமிடம் ஆகும். டீ குடித்துவிட்டு வரலாம். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால், உலோகப் பரப்பு மின்தேக்கி போல மின்னூட்டம் வாங்கும் மின்னோட்டமும் கணக்கில் கலந்துவிடும்.

படி 3: கோடு போடுவது (நான் வழுக்கி விழுந்த இடம்)

கிடைத்ததை, மின்னழுத்தம் செங்குத்து அச்சிலும் மின்னோட்டத்தின் லாக் கிடை அச்சிலுமாக வரையுங்கள். இடப்பக்கம் கூர்மையான மூக்கு நீட்டிக்கொண்டு ஒரு படம் வரும். மூக்கு நுனி `Ecorr`. மேல்கிளை இரும்பு கரைவதைக் காட்டுகிறது, கீழ்க்கிளை ஆக்சிஜன் எலக்ட்ரான் வாங்குவதைக் காட்டுகிறது. பாடப்புத்தகம் சொல்வது இதுதான்: இரண்டு கிளைகளிலும் நேராக இருக்கும் பகுதியில் கோடு போட்டுப் பின்னோக்கி நீட்டு, இரண்டும் `Ecorr` மட்டத்தில் சந்திக்கும் இடத்து மின்னோட்டம்தான் அரிப்பு மின்னோட்டம்.

அந்தப் படம் அமிலத்தில் இருக்கும் இரும்புக்குப் பொருந்தும். கடல் நீரில் கீழ்க்கிளை அப்படிச் சாய்வாகப் போகாது. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. அது பரவி வந்து சேரும் வேகத்துக்கு மேல் வினை நடக்க முடியாது. அதனால் −0.75 முதல் −0.90 வோல்ட் வரை மின்னழுத்தம் எவ்வளவு இறங்கினாலும் மின்னோட்டம் ஏறக்குறைய 17 மைக்ரோ ஆம்பியரிலேயே நிற்கும். படத்தில் கிளை செங்குத்தாக நிற்பதுபோல் தெரியும். −1.0 வோல்ட்டை நெருங்கும்போது நீரே பிரிந்து ஹைட்ரஜன் வரத் தொடங்கும், கிளை மறுபடி வலப்பக்கம் வளையும்.

முதல் தடவை பேராசைப்பட்டு −1.1 வோல்ட் வரை இறங்கியிருந்தேன். `Tafel Fit` பொத்தானை அழுத்தினேன். மென்பொருளுக்குச் சாய்வான நேர்ப்பகுதி வேண்டும். அது போய்ப் பிடித்தது அந்த ஹைட்ரஜன் வளைவை. அங்கிருந்து −0.64 வரை நீட்டியதில் 1.9 மைக்ரோ ஆம்பியர் என்று வந்தது. முந்நூறு வருஷம் வந்த கதை இதுதான். வேறொரு வினையின் கோட்டை நீட்டி, இந்த வினையின் மின்னோட்டத்தைப் படித்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க மாமா வந்து சிரிக்க வேண்டியதில்லை. மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தனித்தனியாக `Ecorr` மட்டத்துக்கு நீட்டிப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மின்னோட்டத்தைக் காட்ட வேண்டும். என் படத்தில் மேல்கோட்டின் சாய்வு மின்னோட்டம் பத்து மடங்காக 70 மில்லிவோல்ட், −0.57 வோல்ட்டில் அந்தக் கோடு 170-ஐக் காட்டியது. அங்கிருந்து 70 மில்லிவோல்ட் இறங்கினால் −0.64, மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து 17. கீழே செங்குத்தாக நிற்கும் கிளையை அப்படியே மேலே நீட்டினாலும் 17. பொத்தான் கொடுத்த 1.9 எங்கே, 17 எங்கே!

அதனால் பொத்தானை நான் இப்போது தொடுவதில்லை. தரவை விரிதாளில் போட்டு, கோட்டை நானே வைக்கிறேன். மேல்கோட்டுக்கு `Ecorr`-இலிருந்து 60 மில்லிவோல்ட் தள்ளித் தொடங்குங்கள், மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு வினைகளும் கலந்திருக்கும். மின்னோட்டம் குறைந்தது பத்து மடங்கு ஏறும் வரையாவது கோடு நேராக இருக்க வேண்டும். அவ்வளவு நேர்ப்பகுதி கிடைக்காவிட்டால் அந்த ஓட்டத்தை விட்டுவிட்டுப் புது மாதிரியில் ஓட்டுவதே நல்லது.

படி 4: மின்னோட்டத்தை மில்லிமீட்டராக்குவது

முதலில் பரப்பால் வகுங்கள். 17 ÷ 1.131 = 15.03, அதாவது ஒரு ச.செ.மீ.க்கு 15.03 மைக்ரோ ஆம்பியர். இதுதான் மின்னோட்ட அடர்த்தி. ஏஎஸ்டிஎம் ஜி102 தரும் வாய்ப்பாடு:

```
CR = 0.00327 × i × EW / d
CR : mm/year
i  : µA/cm²
EW : 27.92
d  : 7.87 g/cm³
```

`EW` என்பது சமான எடை. இரும்பின் அணு எடை 55.85; கரையும்போது ஓர் அணு இரண்டு எலக்ட்ரான்களை விடுகிறது, அதனால் பாதி, 27.92. இங்கே 55.85 போட்டால் விடை இரட்டிப்பாகும். `d` இரும்பின் அடர்த்தி, மின்னோட்ட அடர்த்தி அல்ல.

0.00327 × 15.03 × 27.92 ÷ 7.87 = 0.174. வருடத்துக்கு 0.17 மி.மீ.

0.00327 வானத்திலிருந்து விழுந்த எண் மாதிரி இருந்தால் ஒருமுறை நீளமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு 31,536,000 நொடி. ஒரு ச.செ.மீ.யில் 15.03 மைக்ரோ ஆம்பியர் அவ்வளவு நேரம் ஓடினால் 474 கூலும். அதை ஃபாரடே எண் 96,485-ஆல் வகுத்து 27.92-ஆல் பெருக்கினால் 0.137 கிராம் இரும்பு. அதை 7.87-ஆல் வகுத்தால் 0.0174 செ.மீ. அதே 0.174 மி.மீ.தான். இரும்புக்கு மட்டும் என்றால் மின்னோட்ட அடர்த்தியை 0.0116-ஆல் பெருக்கினால் போதும், மனதிலேயே போட்டுவிடலாம்.

படி 5: தராசு என்ன சொல்கிறது

50 × 25 × 2 மி.மீ. துண்டு ஒன்றை, எல்லாப் பக்கமும் சேர்த்து 28 ச.செ.மீ., அதே வாளி நீரில் 30 நாள் தொங்கவிட்டிருந்தேன். ஸ்டீலைத் தின்னாமல் துருவை மட்டும் எடுக்க, தடுப்பான் சேர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி எடை போட்டேன். நீரில் போடாத, துரு ஏறாத அதே ஸ்டீல் துண்டு ஒன்றையும் அதே அமிலத்தில் முக்கி, அது இழந்ததைக் கழித்தேன். இழப்பு 0.28 கிராம், வருடக் கணக்கில் 0.155 மி.மீ. வளைகோடு சொன்ன 0.174-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பொத்தான் சொன்னது சரியென்றால் 0.04 கிராம்கூடக் குறைந்திருக்காது.

அப்போதும் மாமாவின் எட்டு வருடத்துக்கு 0.17 போதாது, இரு பக்கமும் அரித்தாலும் மூன்று மி.மீ.தான் போயிருக்கும். இந்த வாய்ப்பாடு முழுப் பரப்பும் சமமாகத் தேய்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஓட்டை விழுவது குழி அரிப்பால், அந்தக் குழியின் ஆழத்தை இந்த எண் சொல்லாது. மிதவையில் அலை அடித்து நனைந்து காயும் பட்டை வேறு இருக்கிறது, அங்கே ஆக்சிஜன் தாராளம்.

பிறகு சேர்த்தது: இதைப் பின்பற்றிச் செய்த ஒருவர், தனக்குக் கீழ்க்கிளை 60 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் நிற்கிறது, `Ecorr`-உம் 40 மில்லிவோல்ட் மேலே போய்விட்டது, எங்கே தப்பு என்று எழுதிக் கேட்டார். பரப்பு சரி, கோடும் சரி. கடைசியில் பார்த்தால் செல்லை வைத்திருந்த காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கலக்கினால் ஆக்சிஜன் வேகமாக வந்து சேரும், செங்குத்துக் கிளை வலப்பக்கம் தள்ளிப்போகும், இரும்பும் அந்த வேகத்திலேயே கரையும். அவர் அளந்தது தப்பில்லை, நீர் ஓடும் இடத்து எண் அது. விடையோடு கலக்கி ஓடியதா நின்றதா என்பதையும் எழுதி வையுங்கள். மிதவையின் அடியில் நீரோட்டம் இருக்கும் என்பதால் அடுத்த வாளியை நானும் கலக்கியோடுதான் ஓட்டப்போகிறேன்.