பெயரும் முகவரியும் வாங்கிய பொருளும் தெரிந்தவர் யார்?

இணையத்தில் மிக்ஸி ஒன்றை வாங்கி, அது வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆன ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். அழைப்பவர் அவருடைய பெயரைச் சொல்லி, தெருவையும் வீட்டு எண்ணையும் சொல்லி, "பன்னிரண்டாம் தேதி மிக்ஸி வந்தது, 3,499 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தீர்கள், சரிதானே மேடம்?" என்று கேட்கிறார். எல்லாமே சரி. அந்த மாடலின் மோட்டாரில் கோளாறு இருப்பது தெரியவந்திருப்பதாகவும், வாங்கியவர்கள் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாகவும், ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு எந்தக் கணக்கில் போடுவது என்று தெரியாததால்தான் அழைப்பதாகவும் அவர் விளக்குகிறார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அடுத்து கைபேசிக்கு ஓர் இணைப்பு வருகிறது. அதைத் தொட்டு யூபிஐ செயலியைத் திறந்து, யூபிஐ பின் எண்ணை இட்டால் பணம் வந்து சேரும் என்கிறார். இட்டதும் பணம் கணக்கிலிருந்து போகிறது. பணம் பெற யூபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பது அந்த அம்மையாருக்கு முன்பே தெரிந்திருக்கலாம். தெரிந்தும் இட்டதற்குக் காரணம், அழைப்பின் முதல் அரை நிமிடத்திலேயே அழைப்பவர் யார் என்ற கேள்வியை அவர் முடித்துவிட்டதுதான்.

அந்த அரை நிமிடத்தில் சொல்லப்பட்டவை எங்கே கிடைத்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் இருந்தவை என்பது தெரியும். பெயரும் முகவரியும் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும். பல நேரம் கைபேசி எண்ணும் அங்கேயே இருக்கும். பொருள் கொடுக்கும்போது பணம் வாங்க வேண்டிய பெட்டியாக இருந்தால் தொகையும் அச்சாகியிருக்கும். பொருளின் பெயர், விலை, தேதி, ஆர்டர் எண் ஆகியவை உள்ளே வைத்த ரசீதிலோ, பெட்டியின் வெளிப்புறம் ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் செருகிய ரசீதிலோ இருக்கும். விற்பனையாளரிடம் பெட்டி கட்டியவர், அதை எடுத்துச் சென்றவர், பிரிப்பு மையத்தில் அடுக்கியவர், ஊருக்குள் கொண்டுவந்தவர், அடுக்ககத்தின் காவலாளி, கடைசியில் குப்பையில் கிடந்த காலிப் பெட்டியைக் கண்டவர் என்று பலர் அதைப் பார்த்திருக்கிறார்கள். இவர்களில் எவரும் எந்தக் கணினியையும் உடைக்க வேண்டியதில்லை. கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும்.

ஒரு செய்தி ஒருவருடைய அடையாளத்துக்குச் சான்றாக வேண்டுமானால், அது உண்மையானவரிடம் இருப்பது மட்டும் போதாது, போலியானவரிடம் இல்லாமலும் இருக்க வேண்டும். நம் பெயர், முகவரி, வாங்கிய பொருள் ஆகியவற்றுக்கு முதல் பாதி பொருந்துகிறது, இரண்டாம் பாதி பொருந்தவில்லை. ஆனாலும் இவற்றைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று யோசித்தால், வங்கிகள்மீதும் கொஞ்சம் பழி விழத்தான் செய்யும். நாம் வங்கியை அழைக்கும்போதெல்லாம் அவர்கள் பிறந்த தேதியையும் முகவரியையும் கடைசிப் பரிவர்த்தனையையும் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். விவரம் சொன்னால் ஆள் உறுதி என்ற வழக்கம் அங்கிருந்து நம் மனத்தில் படிந்து, எதிர்த்திசையிலிருந்து வரும் அழைப்புக்கும் அதே அளவுகோலை வைக்கிறோம்.

பெட்டி என்பது சிறிய வழி. பெரிய வழிக்குப் பிரிட்டனின் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கதை நல்ல எடுத்துக்காட்டு. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து அதன் வாடிக்கையாளர்கள் ஒரே மாதிரியான புகாரைச் சொல்லத் தொடங்கினார்கள்: தொழில்நுட்ப உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சிலர் அழைக்கிறார்கள், தங்கள் முகவரியையும் நிறுவனத்தில் தங்களுக்குள்ள கணக்கு எண்ணையும் பிசகில்லாமல் சொல்கிறார்கள் என்பதே அது. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் விசாரித்தபோது, வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க அமர்த்தப்பட்ட விப்ரோ நிறுவனத்தின் ஊழியர் நாற்பது பேருக்கு ஓர் இணையவாயில் வழியாக ஆயிரக்கணக்கானோரின் விவரங்கள் திறந்திருந்ததும், அவற்றில் மூன்று பயனர் கணக்குகளின் வழியே 21,000 பேர் வரையிலான விவரங்கள் முறைகேடாகப் பார்க்கப்பட்டிருந்ததும் தெரிந்தது. முழுப் பெயர்கூடத் தேவையில்லாமல், தொடக்க எழுத்தை மட்டும் இட்டுத் தேடி, ஒரே நேரத்தில் 500 பேரின் பதிவுகளைப் பார்க்க முடிந்தது. அந்தப் பதிவுகள்தாம் மோசடி அழைப்புகளுக்குப் போயின என்று நேரடியாக நிறுவப்படவில்லை. என்றாலும் இவ்வளவு தாராளமாக விவரங்களைத் திறந்து வைத்ததற்காக 2017-இல் டாக்டாக்குக்கு ஒரு லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. நிறுவனத்துக்கும் நமக்கும் மட்டுமே தெரியும் என்று நாம் நினைக்கும் கணக்கு எண், கடல் கடந்த ஓர் ஒப்பந்த அலுவலகத்தின் திரையிலும் இருக்கலாம் என்பதை வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

இந்தியாவிலும் 2021 மே மாதத்தில் டோமினோஸ் பீட்சாவின் ஏறத்தாழ 18 கோடி ஆர்டர்களின் விவரங்கள் கசிந்து, கைபேசி எண்ணை இட்டால் பெயரும் முகவரியும் ஆர்டர் விவரமும் வரும்படியான தேடுபக்கமாகவே அவை வெளியாயின. பணம் சார்ந்த தகவல்கள் கசியவில்லை என்று நிறுவனம் கூறியது. ஆனால் மிக்ஸி அழைப்பு போன்ற ஒன்றுக்குப் பணம் சார்ந்த தகவல் எதுவுமே தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, சந்தேகம் வந்த பிறகும் பலர் செய்யும் தவறுகளுக்கு வருவோம். சற்று விவரமானவர்கள் அழைப்பவரைச் சோதிக்க முனைகிறார்கள்: "அப்படியானால் ஆர்டர் எண்ணைச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்பார்கள். சீட்டு கையில் உள்ளவர் தயங்காமல் சொல்லிவிடுவார். வேண்டுமென்றே தவறான விலையைச் சொல்லிப் பார்த்தாலும் அவர் பணிவாகத் திருத்துவார். அதன்பின் நம்பிக்கை முன்பைவிடக் கூடிவிடும், ஏனென்றால் இப்போது அவரைச் சோதித்துத் தேற்றியவர்கள் நாமே.

இன்னொரு தவறு, பாதி சொல்லப்பட்டதை நிரப்பித் தருவது. "உங்கள் கார்டு 4-இல் தொடங்குகிறது, அல்லவா?" என்று கேட்கும்போது வியப்பு வருகிறது; விசா அட்டைகள் அனைத்துமே 4-இல்தான் தொடங்குகின்றன. முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் வங்கியையும் அட்டை வகையையும் குறிப்பவை, ஒரே வகை அட்டை வைத்திருக்கும் எல்லாருக்கும் பொதுவானவை. கடைசி நான்கு இலக்கங்கள் கடை ரசீதிலும் வங்கியின் குறுஞ்செய்தியிலும் வருகின்றன. அவர் இரண்டு முனையையும் சொல்லிவிட்டு, "சரிபார்ப்பதற்காக" நடுவில் உள்ளதைச் சொல்லச் சொன்னால், அவரிடம் இல்லாதது எதுவோ அதைத்தான் கேட்கிறார்.

திரையில் தெரியும் பெயரை நம்புவதும் இவ்வகையே. அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலிகள் பெரும்பாலும் பயனர்கள் தந்த பெயர்களையே காட்டுகின்றன. ஓர் எண்ணை வங்கியின் பெயரில் பதிந்துகொள்வது கடினமன்று. சேவை சார்ந்த அழைப்புகளுக்கு வங்கிகள் 1600 எனத் தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது. ஆகவே பத்து இலக்கச் சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து "வங்கி" பேசினால் சந்தேகிக்க அது நல்ல காரணம். ஆனால் எண் சரியாகத் தெரிகிறது என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண்போலக் காட்ட முடிகிறது; அத்தகைய அழைப்புகளைத் தடுக்கவே 2024 அக்டோபரில் மத்திய அரசு தனி ஏற்பாடு ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது.

சரிபார்க்க வழி ஒன்றுதான்: அழைப்பைத் துண்டித்துவிட்டு, பொருள் வாங்கிய செயலியை நாமே திறந்து, அந்த ஆர்டரின் பக்கத்தில் பணம் திரும்புவதாக ஏதேனும் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. வங்கியானால் அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை அழைப்பது. அழைத்தவரே தரும் எண்ணையோ, தேடுபொறியில் முதலில் வரும் "வாடிக்கையாளர் சேவை" எண்ணையோ அழைப்பது சரிபார்ப்பாகாது. பின்னதில் போலி எண்களை ஏற்றி வைப்பது தனித் தொழிலாகவே நடக்கிறது.

அப்படியானால் விவரம் தெரிந்து அழைப்பவர் அனைவரும் மோசடிக்காரரா என்றால், இல்லை. கூரியர்காரர் உண்மையிலேயே அழைப்பார், அவருக்கும் முகவரி தெரிந்திருக்கும். எனவே அவருக்கு என்ன தெரியும் என்பதை விட்டுவிட்டு, அவர் என்ன கேட்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அவருக்கு வழி தெரிய வேண்டும். சில பொருள்களுக்கு, பெட்டி கைக்கு வந்தபின் ஓர் ஓடிபி வேண்டும், அது எதற்கானது என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல், "டெலிவரி பையனின் எண்ணுக்கு அழையுங்கள்" என்று சொல்லி `**21*` எனத் தொடங்கி, அடுத்து ஒரு கைபேசி எண் வரும் வரிசையை அழுத்தச் சொன்னால், அது நமக்கு வரும் அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிடும் கட்டளை. அழைப்பாக வரும் ஓடிபிகளும் அவருக்கே போகும். தவறி அழுத்தியிருந்தால் `##002#` பெரும்பாலான இணைப்புகளில் அதை நீக்கும்.

பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதிய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். சில வாரங்கள் கழித்து இன்னோர் அழைப்பும் வரலாம். சைபர் குற்றப் பிரிவிலிருந்து பேசுவதாகவும், இழந்த பணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகவும், அதை விடுவிக்கச் சிறு கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் அவர் சொல்வார். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு ரூபாய் போனது என்பதையெல்லாம் ரூபாய் பிசகாமல் சொல்வார். அந்தத் தொகை, அதை எடுத்தவர்களுக்கும் தெரியும்.